தேயிலை மலையகத்தில், பால்மா நியூசிலாந்தில்: ஒப்பீட்டு நன்மை எப்படி வேலை செய்கிறது

2021-இன் பிற்பகுதியிலிருந்து 2022 வரை இலங்கையின் தேநீர்க் கடைகளில் பால்தேநீர் கேட்டால் பல நாட்கள் கிடைக்கவில்லை. பிளேன்டீ மட்டும்தான் இருந்தது. பால்மா வாங்க நாட்டிடம் டாலர் இல்லை. கடைகளில் பால்மா பொதிக்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்போது எழுந்த ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை. மழை பெய்கிறது, புல் முளைக்கிறது, மாடும் இருக்கிறது. இப்படிப்பட்ட நாடு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நியூசிலாந்திலிருந்து பாலை வாங்கிக் குடிப்பது ஏன்? தேயிலையைக் குறைத்துவிட்டு மாடு வளர்த்தால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்ல "ஒப்பீட்டு நன்மை" என்ற கருத்து வேண்டும். பாடநூலில் ஒரு வரியில் வந்துபோகும் இந்தக் கருத்தைப் பெரும்பாலானோர் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## மூன்று சொற்கள்

முழு நன்மை. ஒரே அளவு உழைப்பில் ஒரு நாடு மற்ற நாட்டைவிட அதிகமாக ஒரு பொருளை உற்பத்தி செய்தால், அந்தப் பொருளில் அதற்கு முழு நன்மை இருக்கிறது. நூறு பேர் ஒரு நாளில் எவ்வளவு பால் தருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

வாய்ப்புச் செலவு. இலங்கைப் பாடநூல்களில் இதை அமையச் செலவு என்பார்கள். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட இன்னொன்றுதான் அதன் செலவு. ஒரு ஏக்கரில் புல் வளர்த்தால் அதே ஏக்கரில் தேயிலை வளர்க்க முடியாது. ஆகவே அங்கே கிடைக்கும் பாலின் செலவு, கிடைக்காமல் போன தேயிலை.

ஒப்பீட்டு நன்மை. ஒரு பொருளை மற்ற நாட்டைவிடக் குறைந்த வாய்ப்புச் செலவில் செய்ய முடிந்தால், அந்தப் பொருளில் ஒப்பீட்டு நன்மை இருக்கிறது.

"எதில் நாம் உலகத்திலேயே சிறந்தவர்களோ அதை ஏற்றுமதி செய்கிறோம்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முழு நன்மை. வணிகத்தைத் தீர்மானிப்பது அது அல்ல. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான். அவருடைய எடுத்துக்காட்டில் துணி, திராட்சை மது இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த ஆட்களை வைத்துப் போர்த்துக்கல் செய்கிறது. அப்படியிருந்தும் போர்த்துக்கல் மதுவை விற்றுத் துணியை வாங்குவதே இரு நாட்டுக்கும் இலாபம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கணக்கைத் தேயிலைக்கும் பால்மாவுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

## கணக்கு

கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. வேண்டுமென்றே நியூசிலாந்தை இரண்டு பொருளிலும் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். 100 ஆள்நாள் உழைப்பில் கிடைப்பது இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம்:

- நியூசிலாந்து: 800 கிலோ பால்மா, அல்லது 400 கிலோ தேயிலை
- இலங்கை: 50 கிலோ பால்மா, அல்லது 200 கிலோ தேயிலை

இப்போது படிப்படியாகப் பார்ப்போம்.

1. நியூசிலாந்தில் ஒரு கிலோ தேயிலை வேண்டுமென்றால் 2 கிலோ பால்மாவைக் கைவிட வேண்டும். இலங்கையில் ஒரு கிலோ தேயிலைக்குக் கைவிடுவது கால் கிலோ பால்மா மட்டுமே. தேயிலையில் ஒப்பீட்டு நன்மை இலங்கைக்கு.

2. இலங்கையில் ஒரு கிலோ பால்மாவுக்கு 4 கிலோ தேயிலையைக் கைவிட வேண்டும். நியூசிலாந்தில் அரைக் கிலோ தேயிலை போதும். பால்மாவில் ஒப்பீட்டு நன்மை நியூசிலாந்துக்கு.

3. இலங்கை 100 ஆள்நாளைப் பாலிலிருந்து தேயிலைக்கு மாற்றுகிறது. 50 கிலோ பால்மா போகிறது, 200 கிலோ தேயிலை வருகிறது. நியூசிலாந்து 25 ஆள்நாளைத் தேயிலையிலிருந்து பாலுக்கு மாற்றுகிறது. 100 கிலோ தேயிலை போகிறது, 200 கிலோ பால்மா வருகிறது.

4. இரண்டையும் கூட்டினால் உலகத்தில் 150 கிலோ பால்மாவும் 100 கிலோ தேயிலையும் கூடுதலாக இருக்கின்றன. யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை.

5. இலங்கை 125 கிலோ தேயிலையைக் கொடுத்து 125 கிலோ பால்மாவை வாங்குகிறது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இலங்கையிடம் 75 கிலோ தேயிலையும் 75 கிலோ பால்மாவும் அதிகம். நியூசிலாந்திடம் 25 கிலோ தேயிலையும் 75 கிலோ பால்மாவும் அதிகம்.

நியூசிலாந்துக்காரர் எல்லாவற்றிலும் திறமைசாலியாக இருந்தும் தேயிலையை வாங்கவே செய்கிறார். பால் கறக்கும் ஆளைத் தேயிலைக்கு அனுப்பினால் அவருக்கு நட்டம் அதிகம், அவ்வளவுதான் காரணம்.

பரிமாற்ற விகிதத்துக்கு எல்லை உண்டு. ஒரு கிலோ தேயிலைக்குக் கால் கிலோ பால்மாவைவிடக் குறைவாகக் கிடைத்தால் இலங்கை தானே பால் கறந்துகொள்ளலாம். 2 கிலோவுக்கு மேல் கேட்டால் நியூசிலாந்து தானே தேயிலை நட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து இலாபம் யாருக்கு அதிகம் என்பது அமையும். உண்மைச் சந்தையில் அண்மைய ஆண்டுகளில் இலங்கைத் தேயிலையின் ஏற்றுமதி விலையும் முழு ஆடைப் பால்மாவின் உலகச் சந்தை விலையும் கிலோவுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 டாலர் என்ற வரம்புக்குள்தான் நின்றிருக்கின்றன. அதனால் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தது நடப்புக்கு வெகுதூரம் அல்ல.

## எண்களுக்குப் பின்னால் இருக்கும் வானிலை

சரி, இலங்கையில் ஒரு கிலோ பால்மாவுக்கு ஏன் இத்தனை தேயிலையை இழக்க வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். விடை பகல் நேரத்தின் நீளத்திலிருந்து தொடங்குகிறது.

தேயிலைச் செடி நாளின் நீளத்தை உணரும். பகல் சுமார் 11 மணி 15 நிமிடத்துக்குக் கீழே இறங்கி, அப்படியே சில வாரங்கள் நீடித்தால், செடி உறங்கப் போய்விடும். கொழுந்து வராது. நுவரெலியா வட அகலாங்கு 7 பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி 40 நிமிடத்துக்கு மேல். அதனால் மலையகத்தில் வாரத்துக்கொரு முறை என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கலாம். தொழிற்சாலையும் தொழிலாளரும் சும்மா இருக்கும் பருவம் என்று ஒன்று இல்லை.

அதோடு உயரமும் சேர்கிறது. 4,000 அடிக்கு மேல் குளிர் இருப்பதால் கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணம் செறிகிறது. மண் அமிலத்தன்மை உடையது, தேயிலை கேட்பதும் அதைத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வீசும் வறண்ட காற்றில் விளையும் தேயிலைக்குத் தனி விலை. காற்று, உயரம், அகலாங்கு மூன்றும் ஒரே இடத்தில் கூடும் நிலம் உலகத்தில் அதிகம் இல்லை.

இனி நியூசிலாந்தின் வைகாட்டோப் பகுதிக்குப் போவோம். தென் அகலாங்கு 38 பாகை. குளிர்காலத்தில் பகல் ஒன்பதரை மணி நேரம்தான். தேயிலை அங்கே நீண்ட காலம் உறங்கும். ஆனால் கோடையில் பகல் பதினாலரை மணி நேரம். மிதமான வெயில், பரவலான மழை. ரைகிராஸ் புல்லுக்கும் வெள்ளைக் குளோவருக்கும் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. குளோவர் காற்றிலிருக்கும் நைதரசனை மண்ணில் சேர்ப்பதால் உரச் செலவும் குறைகிறது.

குளிர் கடுமையாக இல்லாததால் மாடு ஆண்டு முழுவதும் வெளியிலேயே மேய்கிறது. கொட்டகை கட்ட வேண்டாம், வைக்கோல் சுமக்க வேண்டாம், தீவனமும் பெருமளவில் வாங்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கன்று ஈனும்படி சினையேற்றுகிறார்கள். வசந்தத்தில் புல் உச்சத்தில் வளரும் வாரங்களும் மாடு அதிகம் கறக்கும் வாரங்களும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஒரு மந்தையில் சராசரியாக நானூறு மாடுகளுக்கு மேல். அதைப் பார்த்துக்கொள்வது சில பேர்தான். நாட்டில் 50 இலட்சம் மக்கள்தான் இருப்பதால் கறக்கும் பாலில் 90 சதவீதத்துக்கும் அதிகமாக வெளிநாட்டுக்குப் போகிறது. ஒரு கிலோ பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பால் வேண்டும். தண்ணீரை நீக்கிவிடுவதால்தான் பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்தும் அது கட்டுபடியாகிறது.

இதே வைகாட்டோவில் ஒரு தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. 1996-இல் தொடங்கியது. ஊலொங் தேயிலை நன்றாகவே விளைகிறது, மிக உயர்ந்த விலைக்கு விற்கிறது. ஆக நியூசிலாந்தில் தேயிலை முளைக்காது என்பதல்ல. ஒரு கிலோவுக்குச் சில டாலர் தரும் சாதாரணத் தேயிலைக்காக மாடு மேயும் நிலத்தையும் அந்த நாட்டுக் கூலியையும் கொடுக்க அங்கே யாரும் தயாராக இல்லை.

## மாடு எங்கே நிற்க விரும்புகிறதோ, அங்கேதான் தேயிலை

இலங்கையின் தாழ்நிலத்தில் ஃபிரீசியன் போன்ற அதிகம் கறக்கும் மாடு திணறும். சுமார் 25 பாகை செல்சியஸைத் தாண்டினால், அதுவும் ஈரப்பதம் கூடினால், அது தீனியைக் குறைத்துக்கொள்ளும். தீனி குறைந்தால் பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். வெப்பநிலப் புல் வேகமாக வளர்ந்தாலும் சீக்கிரமே முற்றி நாராகிவிடும். வயிறு நிறையும், சத்து குறைவு. ஈடுகட்டச் சோளமும் சோயாப் புண்ணாக்கும் வேண்டும். அதில் பெரும்பகுதிக்கு மறுபடி டாலர்தான் வேண்டும்.

அப்படியானால் குளிர்ந்த இடத்தில் வளர்க்கலாமே? வளர்க்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் வளர்க்கவும் செய்கிறார்கள், அங்கே மாடு நன்றாகவே கறக்கிறது. ஆனால் மாட்டுக்கு ஏற்ற அந்தக் குளிர்ந்த சரிவுகளில்தான் உயர்நிலத் தேயிலையும் நிற்கிறது. இலங்கையில் பாலின் வாய்ப்புச் செலவு உயர்ந்து நிற்பதற்கு இதுவே மூல காரணம். இரண்டு பொருளும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடுகின்றன. நியூசிலாந்தில் அந்தப் போட்டி இல்லை.

மாட்டை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதும் பார்த்தாகிவிட்டது. 2017-இல் சுமார் 5,000 கறவை மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இலங்கைக்கு வந்தன. கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர்கள் பலர், மாடுகள் நோயுற்று இறந்தன, சொன்ன அளவு கறக்கவில்லை என்று முறையிட்டார்கள். பொருளை உற்பத்தி செய்வது மாடு மட்டுமல்ல. அதன் கீழே உள்ள புல், மேலே உள்ள வெயில், மருத்துவர், குளிரூட்டி, பால் சேகரிக்கும் வண்டி எல்லாம் சேர்ந்துதான் அந்த 800 கிலோவும் 50 கிலோவும்.

## தேயிலை கொடுத்துப் பால்மா வாங்குவதில்லை

கணக்கில் இரண்டு நாடும் நேரடியாகப் பண்டமாற்றுச் செய்தன. நடப்பில் அப்படி இல்லை. இலங்கைத் தேயிலையைப் பெரிதும் வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள். அங்கே கிடைக்கும் டாலர்தான் பால்மாவாகவும் கோதுமையாகவும் எரிபொருளாகவும் உருமாறி வருகிறது. தேயிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 130 முதல் 150 கோடி டாலர் தருகிறது.

டாலர் என்ற திரையை விலக்கிவிட்டுப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பு 2021 டிசம்பரில் கிடைத்தது. 2012-இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை 25 கோடி டாலர் பாக்கி வைத்திருந்தது. அதை மாதம் 50 இலட்சம் டாலர் பெறுமதியான தேயிலையாக அனுப்பித் தீர்ப்பது என்று உடன்பாடு செய்தார்கள். எண்ணெய்க்கு இலை!

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நெருக்கடியைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பால்மா மறைந்ததற்குக் காரணம் நாடு தேயிலையில் சிறப்புப் பெற்றது அல்ல. சுற்றுலா வருமானம் கோவிட் காலத்தில் படுத்தது, வெளிநாட்டுக் கடன் தவணைகள் கழுத்தை நெரித்தன, மத்திய வங்கியின் டாலர் கையிருப்பு வற்றியது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்கு முன்பே தேயிலையிலும் கைவைத்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில்தான் நீக்கப்பட்டது. 2021-இல் 30 கோடி கிலோ அளவிலிருந்த விளைச்சல், அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. டாலர் மிச்சம் பிடிக்க உரத்தை நிறுத்தி, டாலர் ஈட்டும் செடியையே பட்டினி போட்டார்கள். இதைப் பெரிய பிழை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

## கோட்பாடு சொல்லாமல் விடும் இரண்டு

முதலாவது, இலாபம் நாட்டுக்கு என்றால் யாருக்கு?

ரிக்கார்டோவின் கணக்கு "இலங்கைக்கு 75 கிலோ தேயிலையும் 75 கிலோ பால்மாவும் அதிகம்" என்று சொல்லும். அது யார் வீட்டுக்குப் போகிறது என்று சொல்லாது. மேலே 200 கிலோ தேயிலை என்று எழுதினோமே, அது ஏறத்தாழ 900 கிலோ பச்சைக் கொழுந்து. அதை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் பறிப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்கள். தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு, பிறகு தேயிலைக்கு என்று அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

2021 மார்ச்சில் அவர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அன்று அது 5 டாலர். அடுத்த ஆண்டு ரூபாய் சரிந்து ஒரு டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே சம்பளம் 3 டாலருக்கும் கீழே போனது. ஆனால் தேயிலை விற்பது டாலரில். கொழும்பு ஏலத்தில் கிலோவின் சராசரி ரூபாய் விலை ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்கானது. உரத்தின் விலையும் எரிபொருள் விலையும் ஏறின என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் 1,350 ரூபாயானது 2024-இல்தான். அதற்குள் அரிசியும் மாவும் எங்கேயோ போய்விட்டன. ஒரு நாட்டின் ஒப்பீட்டு நன்மையில் நிலமும் மழையும் எவ்வளவு, மலிவான உழைப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அதைப் பெருமையாகப் பேசுவது சரியில்லை.

இரண்டாவது, ஆபத்து. கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. வாழ்க்கையில் விலை விழும், கப்பல் நிற்கும், நோய் வரும். 1869-இல் இலங்கையின் கோப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அன்றைய முதன்மை ஏற்றுமதி ஏறக்குறைய அழிந்தே போனது. இரண்டு ஆண்டுகள் முன்பு, 1867-இல், கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்திருந்ததால் மாற்றுப் பயிர் ஒன்று கையில் இருந்தது. குழந்தைகளின் பால் போன்ற பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் உள்நாட்டில் ஒரு பங்கை வைத்திருப்பது காப்பீட்டுக்குக் கட்டும் தவணை போன்றது. அந்தத் தவணையை எங்கே கட்டினால் மலிவு என்பதற்கும் அதே வாய்ப்புச் செலவுக் கணக்குதான் வழி காட்டும்.

## தேயிலையோடு போட்டியிடாத பால்

தேயிலைச் சரிவைப் பிடுங்கிப் புல் நடுவது விலை கூடிய வழி. ஆனால் நாட்டுக்குள்ளேயே தேயிலை முளைக்காத நிலம் ஏராளம். கிழக்கிலும் வடக்கிலும் வறண்ட வலயத்தில் எருமையும் நாட்டு மாடும் காட்டோரப் புல்லிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்கின்றன. ஒரு மாடு நாளுக்கு ஓரிரு லிட்டர்தான் கறக்கும். ஆனாலும் அந்த நிலத்தில் கைவிடுவது அதிகம் இல்லை என்பதால் பாலின் வாய்ப்புச் செலவும் குறைவு.

அப்புறம், மட்டக்களப்புத் தயிர் இருக்கிறது. சட்டியில் உறையும் எருமைத் தயிரை நியூசிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவர முடியாது. பால்மாவில் தோற்கும் நாடு தயிரில் தோற்காததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே தடை வானிலை அல்ல, மேய்ச்சல் தரை. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் நிலம் பயிர்ச்செய்கைக்குப் பிடிக்கப்படுவதை எதிர்த்து 2023-இலிருந்து தொடர் போராட்டம் நடத்தியது இதனால்தான்.

மலையகத்திலும் கணக்கு அசையத் தொடங்கியிருக்கிறது. கொழுந்து பறிக்கத் தாயோடு போன மகள் இன்று கொழும்புக் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை தேடுகிறாள். ஆள் இல்லாமல் பறிக்காது விட்ட மலைகளில் தேயிலை மரமாகி, சுற்றிலும் மானாப் புல் ஏறுகிறது. பறிக்க ஆளில்லாத ஏக்கரில் மாடு கட்டினால் இழப்பதற்குத் தேயிலை இல்லை. அங்கே ஒரு கிலோ பால்மாவுக்கு 4 கிலோ தேயிலை என்ற விகிதம் இனிப் பொருந்தாது. எந்தத் தோட்டத்தில், எந்தச் சரிவில் அது மாறிவிட்டது என்பதை ஒவ்வொரு மலையாக எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.